ஒரே ஃபண்ட், அப்பாவுக்கும் எனக்கும்: டிவிடெண்ட் ஆப்ஷனா, க்ரோத் ஆப்ஷனா?

பொருநை_மீனா | 8 நவம்பர் 2025, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். 2021 ஜூனில் எங்கள் ஊர் வங்கிக் கிளையில் சொன்னதைக் கேட்டு அப்பாவும் நானும் ஒரே ஃபண்டில் பணம் போட்டோம். பேலன்ஸ்டு அட்வான்டேஜ் வகை, வரிக்கு ஈக்விட்டியாகக் கணக்கிடப்படுவது. அப்பா 12 லட்சம், நான் 10 லட்சம். இரண்டு பேருக்குமே மாதாந்திர டிவிடெண்ட் ஆப்ஷனைத்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டேட்மென்ட்டில் `IDCW - Payout` என்று இருக்கிறது.

அப்பாவுக்கு மாதம் 8,000 ரூபாய் வருகிறது. எனக்கு வருடத்துக்கு 80,000 ரூபாய் வருகிறது. நான் அதைத் தொடுவதே இல்லை, சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. இந்த வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்தபோது ஆடிட்டர், "இதற்கு ஏன் இவ்வளவு வரி கட்டுகிறீர்கள், க்ரோத்துக்கு மாறலாமே" என்றார். அவருக்கு அவசரம், விளக்கம் கேட்க முடியவில்லை.

விவரம்: நான் புதிய வரிமுறையில் 30% ஸ்லாபில் இருக்கிறேன். இந்தப் பணம் என் மகளின் கல்லூரிப் படிப்புக்கு, இன்னும் 15 வருடம் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற அரசு ஊழியர், வயது 67, பென்ஷன் மாதம் 38,000. எஃப்டி வட்டி வருடத்துக்கு 2.4 லட்சம் வரும். இரண்டு பேரும் மாற வேண்டுமா?

---

பழைய_காசு | 8 நவம்பர் 2025, இரவு 9:42

மாற வேண்டாம் தங்கச்சி. டிவிடெண்ட் நம் கைக்கு வரும்போது வரி கிடையாது, ஃபண்ட் கம்பெனியே கட்டிவிடும். க்ரோத்தில்தான் விற்கும்போது வரி. அதோடு மாதாமாதம் லாபத்தை வெளியே எடுத்துவிடுகிறோம், முதல் பத்திரமாக இருக்கிறது. நான் பத்து வருடத்துக்கு மேலாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

---

கணக்கர்_சேது | 8 நவம்பர் 2025, இரவு 11:05

பழைய_காசு அண்ணன் சொல்வது 2020 மார்ச் 31 வரைக்கும் சரி. அதுவரை ஃபண்ட் நிறுவனமே டிவிடெண்ட் விநியோக வரியைக் கட்டிவிட்டு மீதியைத் தரும், நம் கையில் வரி இல்லை. 2020 ஏப்ரல் 1-இலிருந்து அந்த முறையே போய்விட்டது. இப்போது டிவிடெண்ட் முழுவதும் வாங்குபவரின் வருமானத்தோடு சேரும், அவருடைய ஸ்லாபில் வரி.

"முதல் பத்திரமாக இருக்கிறது" என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மீனா, உங்கள் ஃபண்டின் க்ரோத் ஆப்ஷன் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 2021 ஜூனில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? டிவிடெண்ட் ஆப்ஷனுக்கும் அதே போல இரண்டு எண்ணையும் போடுங்கள். அதை வைத்துப் பேசலாம்.

---

பொருநை_மீனா | 9 நவம்பர் 2025, காலை 7:20

சேது சார், பார்த்துவிட்டேன். ரவுண்டாகச் சொல்கிறேன். க்ரோத் அன்றைக்கு 40, இப்போது 60. டிவிடெண்ட் ஆப்ஷன் அன்றைக்கு 20, இப்போது 21.50. இவ்வளவு வித்தியாசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. க்ரோத்தில் நல்ல பங்குகளாக வாங்குகிறார்களோ?

---

கணக்கர்_சேது | 9 நவம்பர் 2025, மதியம் 1:30

பங்குகளில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே பெட்டி, ஒரே மேலாளர். டிவிடெண்ட் ஆப்ஷனில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய வருடம் 1.60 ரூபாய் உங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், கொடுத்த அளவுக்கு அன்றைக்கே என்ஏவி குறைகிறது. க்ரோத்தில் அது உள்ளேயே தங்கியிருக்கிறது. அதனால் டிவிடெண்ட் என்பது உங்கள் யூனிட்டுக்குள் இருந்த பணமே வெளியே வருவதுதான். செபி 2021 ஏப்ரலில் இந்த ஆப்ஷனின் பெயரிலிருந்து டிவிடெண்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு, முதலையும் எடுத்துத் தருவது என்ற பொருள் வரும்படி மாற்றியதற்கும் இதுதான் காரணம். வருகிற பணத்தில் ஒரு பகுதி நீங்கள் போட்ட முதலாகவும் இருக்கலாம்.

இப்போது வரிக்கு வருவோம். முதலில் மீனா கணக்கு.

உங்களுக்கு வருகிற 80,000 ரூபாய் முழுவதும் வருமானம். அதில் எவ்வளவு முதல், எவ்வளவு லாபம் என்று வருமான வரித்துறை பிரித்துப் பார்ப்பதில்லை. 30% ஸ்லாப், அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%. வரி 24,960 ரூபாய். கையில் நிற்பது 55,040.

அதே 80,000-ஐ க்ரோத் ஆப்ஷனில் யூனிட்டை விற்று எடுத்திருந்தால் என்ன ஆகும்? 40-க்கு வாங்கிய யூனிட்டை 60-க்கு விற்கிறீர்கள். வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் லாபம், 26,667 ரூபாய். மீதி நீங்கள் போட்ட முதல், அதற்கு வரி இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால மூலதன ஆதாயம். நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது. அந்த 1.25 லட்சத்தை வேறு பங்குகளை விற்றதில் தீர்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 12.5%, செஸ் சேர்த்து 13%. வரி 3,467 ரூபாய்.

ஒரே ஃபண்ட், ஒரே 80,000. ஒரு பக்கம் 24,960, இன்னொரு பக்கம் பூஜ்யம் அல்லது அதிகபட்சம் 3,467. வரி விகிதம் குறைவு என்பது இதில் ஒரு பாதிதான். எந்தத் தொகைக்கு வரி போடுகிறார்கள் என்பதுதான் பெரிய பாதி, அதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்களுக்கோ அந்தப் பணம் 15 வருடத்துக்கு வேண்டாம். வேண்டாத பணத்தை வெளியே எடுத்து, வருடாவருடம் மூன்றில் ஒரு பங்கு வரி கட்டி, மீதியைச் சேமிப்புக் கணக்கில் போடுகிறீர்கள்.

---

தறிநகர்_பிரபு | 9 நவம்பர் 2025, மாலை 6:15

எனக்கும் இதே சந்தேகம். டிவிடெண்ட் யீல்டு ஃபண்ட் வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய பெரிய கம்பெனிகள், நல்ல டிவிடெண்ட் கொடுப்பவை. அதை எடுத்தால் மாத வருமானம் வரும் இல்லையா? ஸ்லாப் 20%.

---

அடையாறு_வித்யா | 9 நவம்பர் 2025, மாலை 6:50

பிரபு அண்ணா, அது வேறு விஷயம். டிவிடெண்ட் யீல்டு என்பது அந்த ஃபண்ட் எந்த மாதிரிப் பங்குகளை வாங்கும் என்பதைச் சொல்கிறது. அந்த ஃபண்டிலும் க்ரோத், டிவிடெண்ட் என்று இரண்டு ஆப்ஷன் உண்டு. க்ரோத் எடுத்தால் மாதம் எதுவும் வராது.

நிறைய பேர் குழம்புகிற இன்னொன்று: கம்பெனிகள் கொடுக்கிற டிவிடெண்ட் க்ரோத் ஆப்ஷன்காரர்களுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அது ஃபண்டுக்குள் வந்து என்ஏவியில் சேர்ந்துவிடும், எல்லா ஆப்ஷனுக்கும்தான்.

---

பொருநை_மீனா | 9 நவம்பர் 2025, இரவு 8:40

சேது சார், ரொம்ப நன்றி. ஒரு கேள்வி. எனக்கு டிவிடெண்ட் வரும்போதே 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதானே தருகிறார்கள்? அதோடு வரி முடிந்துவிட்டது என்றுதான் வங்கியில் சொன்னார்கள்.

வெளியே எடுக்காமல் மறுமுதலீடு ஆப்ஷன் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் வரி வராதா?

---

கணக்கர்_சேது | 9 நவம்பர் 2025, இரவு 10:20

டிடிஎஸ் முன்பணம்தான். ஒரு ஃபண்ட் நிறுவனத்திலிருந்து நிதியாண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10% பிடிப்பார்கள். 2025 மார்ச் வரை அந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. உங்களுக்கு 8,000 பிடித்திருப்பார்கள். மொத்த வரி 24,960, மீதி 16,960-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் இந்த டிவிடெண்ட் அத்தனையும் அங்கே இருக்கும். விட்டுவிட்டால் நோட்டீஸ் வரும்.

மறுமுதலீடு உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும்விட மோசம். பணம் கைக்கே வராது, ஆனால் வந்ததாகக் கணக்கிட்டு வரி உண்டு. டிடிஎஸ் பிடித்த மீதிக்குத்தான் யூனிட் கிடைக்கும். பாக்கி வரியைச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

15 வருடத்துக்கு இது எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஃபண்ட் வருடம் 11% வளர்கிறது, அதில் 8% டிவிடெண்டாக வந்து, வரி போக மீதி உள்ளே போகிறது என்று அனுமானம். 11% என்பது கணக்குக்காக வைத்த எண் மட்டுமே, யாரும் உறுதி தரவில்லை. க்ரோத்தில் 10 லட்சம் சுமார் 47.8 லட்சமாகி, கடைசியில் மொத்தமாக விற்று வரி கட்டினாலும் 43 லட்சம் நிற்கிறது. மறுமுதலீட்டில் அதே வழியில் சுமார் 33 லட்சம். பத்து லட்சம் குறைகிறது, அது நீங்கள் இன்று போட்ட முதலுக்குச் சமம்.

அப்பா கணக்கு முற்றிலும் வேறு. நாளைக்கு எழுதுகிறேன்.

---

திருச்சி_வரதன் | 10 நவம்பர் 2025, காலை 6:05

மீனா, நீ மாறு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அப்பாவை மாற்றாதே. 67 வயதுக்காரரிடம் போய், மாதாமாதம் ஒரே தொகைக்கு யூனிட்டை விற்றுப் பணம் எடுக்கும் எஸ்டபிள்யூபி முறையைப் போடச் சொல்கிறார்கள் சிலர். நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது என் டிவிடெண்ட் ஆப்ஷனில் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. என் நண்பர் எஸ்டபிள்யூபி போட்டிருந்தார், விழுந்த விலையில் மாதாமாதம் அவருடைய யூனிட் கரைந்தது.

---

கணக்கர்_சேது | 10 நவம்பர் 2025, மதியம் 2:10

வரதன் சாருக்குப் பிறகு வருகிறேன். முதலில் மீனாவின் அப்பாவுடைய வரி.

பென்ஷன் வருடம் 4.56 லட்சம். நிலைக் கழிவு 75,000 போக 3.81. எஃப்டி வட்டி 2.4. இந்த டிவிடெண்ட் 96,000. எல்லாம் சேர்த்து 7.17 லட்சம். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி பூஜ்யம். டிவிடெண்ட் சாதாரண வருமானம், அதனால் அந்தத் தள்ளுபடிக்குள் வந்துவிடுகிறது. ஆக, அவருக்கு வரிக்காக மாற வேண்டிய அவசியம் இல்லை. டிவிடெண்ட் என்றாலே வரி நஷ்டம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

ஆனால் அவருக்கும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருப்பார்கள். படிவம் 15எச் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர், தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் கொடுக்கலாம். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஃபண்டின் பதிவாளர் கேம்ஸாகவோ கேஃபின்டெக்காகவோ இருக்கும், அவர்கள் தளத்திலேயே கொடுக்கலாம். இதுவரை பிடித்தது ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும்.

வரதன் சார், யூனிட் குறையவில்லை என்பது உண்மை, ஆனால் யூனிட்டின் விலை ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் குறைந்தது. ஒருவர் நூறு யூனிட்டில் ஐந்தை விற்கிறார், இன்னொருவர் நூறு யூனிட்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 5% எடுக்கிறார். மிச்சம் இருப்பது இருவருக்கும் ஒரே மதிப்புதான்.

---

திருச்சி_வரதன் | 10 நவம்பர் 2025, மாலை 5:30

கணக்கு எனக்கும் தெரியும் சேது. நான் சொல்வது வேறு. சந்தை விழுந்தபோது ஃபண்ட் டிவிடெண்டைக் குறைத்தது, இரண்டு மாதம் தரவே இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பணம் உள்ளேயே இருந்து பிறகு மீண்டது. எஸ்டபிள்யூபி போட்டவர் சந்தை எப்படி இருந்தாலும் அதே தொகையை எடுத்துக்கொண்டே இருந்தார். குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, ஆன்லைனில் போய் மாற்றவும் தெரியவில்லை.

---

அடையாறு_வித்யா | 10 நவம்பர் 2025, மாலை 6:25

வரதன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்துச் செலவுக்கு அந்த 8,000-ஐ நம்பியிருக்கும் ஒருவருக்கு இரண்டு மாதம் வராமல் போனால் என்ன செய்வார்? எவ்வளவு, எப்போது என்பதை ஃபண்ட் நிறுவனம் முடிவு செய்வது ஒருவருக்குப் பாதுகாப்பு, இன்னொருவருக்குத் தவிப்பு. மீனா, அப்பா இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்கிறார்? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

---

பொருநை_மீனா | 10 நவம்பர் 2025, இரவு 9:00

பென்ஷனே வீட்டுச் செலவுக்குப் போதும். இந்த 8,000-இல் அம்மாவின் மருந்துக்கு மூவாயிரம் போல் போகும். மீதி கோயில், பேரப்பிள்ளைகள், ஊர்க் கல்யாணம். வராவிட்டால் சிரமப்படுவார், ஆனால் சாப்பாட்டுக்குத் தட்டு வராது.

---

கணக்கர்_சேது | 10 நவம்பர் 2025, இரவு 10:45

அப்படியென்றால் இது வரிக் கேள்வியாக இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். இன்றைய மதிப்பு 12.9 லட்சம், அதில் வருடம் 96,000 எடுப்பது சுமார் 7.4%. இந்த நான்கு வருடம் ஃபண்ட் அதற்கு மேல் வளர்ந்ததால் என்ஏவி 20-இலிருந்து 21.50-க்கு வந்தது. அதற்குக் கீழே வளர்ந்தால் என்ஏவி 20-க்குக் கீழே போகும், டிவிடெண்ட் மட்டும் வந்துகொண்டிருக்கும். என்ஏவி வாங்கிய விலைக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தாலே போதும், முதல் கரைகிறதா என்று தெரிந்துவிடும். க்ரோத்தும் எஸ்டபிள்யூபியும் என்றால் தொகையை 6,000 என்று அவரே குறைத்து வைத்துக்கொள்ளலாம். டிவிடெண்ட் ஆப்ஷனில் அந்த முடிவு அவர் கையில் இல்லை.

---

சேலம்_ஜெயந்தி | 11 நவம்பர் 2025, காலை 10:15

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. பென்ஷனும் வட்டியும் சேர்த்து, நிலைக் கழிவு போக என் வருமானம் 11.5 லட்சம். ஈக்விட்டி ஃபண்டிலிருந்து டிவிடெண்ட் 96,000 வருகிறது. மொத்தம் 12.46 லட்சம். 12 லட்சத்துக்கு மேல் 46,000 மட்டும்தானே, அதற்கு 15% போட்டால் 6,900 ரூபாய் என்று என் தம்பி மகன் சொன்னான். சரியா?

---

பழைய_காசு | 11 நவம்பர் 2025, காலை 10:50

சரிதான் டீச்சர். வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி.

---

கணக்கர்_சேது | 11 நவம்பர் 2025, மதியம் 12:40

இல்லை டீச்சர், இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 12 லட்சம் வரை வரி இல்லை என்பது ஸ்லாப் இல்லை, தள்ளுபடி. ஸ்லாப்படி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி உண்டு. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 60,000-ஐத் தள்ளுபடி செய்கிறார்கள். தாண்டினால் தள்ளுபடி போய்விடும். உங்களுக்கு ஸ்லாப்படி 60,000 கூட்டல் 6,900, மொத்தம் 66,900 வரும். அதைத் தணிக்க ஒரு விளிம்பு நிவாரணம் இருக்கிறது: 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. உங்களுக்குத் தாண்டியது 46,000, ஆக வரி 46,000, செஸ் 1,840. மொத்தம் 47,840 ரூபாய்.

டிவிடெண்ட் இல்லாவிட்டால் உங்கள் வரி பூஜ்யம். 96,000 ரூபாய் டிவிடெண்டுக்காக 47,840 கட்டுகிறீர்கள். பாதி. 30% ஸ்லாபில் இருக்கும் மீனாவைவிட, விகிதப்படி பார்த்தால் உங்களுக்குத்தான் இந்த ஆப்ஷன் அதிகம் பாதகம்.

அதே 96,000-ஐ க்ரோத்திலிருந்து எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு லாபம் என்று வைத்தால் 32,000 மட்டும்தான் வருமானத்தில் சேரும். மொத்தம் 11.82 லட்சம், 12-க்குள். அந்த 32,000 நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிடும். வரி பூஜ்யம்.

---

சேலம்_ஜெயந்தி | 11 நவம்பர் 2025, மதியம் 1:20

போன வருடம் இவ்வளவு யோசிக்கவே இல்லை. நிதியாண்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இப்போது மாறினால் இந்த வருடத்துக்கு உதவுமா?

---

கணக்கர்_சேது | 11 நவம்பர் 2025, மதியம் 1:55

ஏப்ரலிலிருந்து வந்துவிட்ட டிவிடெண்டை மாற்ற முடியாது. மாதம் 8,000 என்றால் அக்டோபர் வரை 56,000. 11.5-உடன் சேர்த்தால் 12.06 லட்சம். தாண்டியது 6,000 என்றால் வரியும் அதே 6,000, கூடவே செஸ். 47,840-க்கும் 6,240-க்கும் உள்ள தூரம் கொஞ்சமில்லை. ஆனால் மாறும்போது யூனிட்டை விற்கிற லாபமும் மொத்த வருமானத்தில் சேரும். உங்கள் வாங்கிய விலை தெரியாமல் இங்கே சொல்வது சரியாக இருக்காது. ஸ்டேட்மென்ட்டோடு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு மாறுங்கள். மார்ச் வரை மாறுவது அல்லது ஏப்ரல் முதல் வாரத்தில் மாறுவது, இந்த இரண்டில் எது லாபம் என்று அவரிடம் கேளுங்கள்.

---

ஷார்ஜா_கனி | 11 நவம்பர் 2025, இரவு 11:30

அண்ணன்மாரே, நான் என்ஆர்ஐ. இந்தியாவில் எனக்கு வேறு வருமானமே இல்லை, வருடம் 2 லட்சம் டிவிடெண்ட் மட்டும். மீனா அக்காவின் அப்பா மாதிரி 12 லட்சத்துக்குள் இருப்பதால் எனக்கும் டிடிஎஸ் வேண்டாம் என்று 15எச் கொடுக்கலாம் அல்லவா?

---

அடையாறு_வித்யா | 12 நவம்பர் 2025, காலை 8:05

முடியாது தம்பி. அந்தப் படிவங்கள் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். 15எச் கொடுக்க வயது வேறு 60 ஆகியிருக்க வேண்டும். என்ஆர்ஐக்கு 10,000 வரம்பும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 20% பிடிப்பார்கள், செஸ் சேர்த்து 20.8%. அந்த 12 லட்சம் தள்ளுபடியும் இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான். அமீரகத்தில் உங்களுக்கு வருமான வரி இல்லாததால் இங்கே பிடித்ததை அங்கே கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. உங்கள் விஷயத்துக்குத் தனி இழை போடுங்கள், என்ஆர்ஈ கணக்கா என்ஆர்ஓ கணக்கா என்பதையும் எழுதுங்கள்.

---

பொருநை_மீனா | 12 நவம்பர் 2025, இரவு 9:15

நான் மாறுவது முடிவாகிவிட்டது. ஆப்பைத் திறந்தேன், ஸ்விட்ச் என்று இருக்கிறது. அதை அழுத்தினால் முடிந்ததா?

---

கணக்கர்_சேது | 12 நவம்பர் 2025, இரவு 10:30

அழுத்துவதற்கு முன் நான்கு விஷயம்.

ஒரே ஃபண்டுக்குள் ஆப்ஷன் மாறினாலும் வரிச் சட்டப்படி அது விற்பனை, பிறகு புதிய வாங்குதல். உங்களிடம் 50,000 யூனிட், 20-க்கு வாங்கி 21.50-க்கு விற்கிறீர்கள். ஆதாயம் 75,000. இந்த நிதியாண்டில் வேறு பங்கு அல்லது ஈக்விட்டி ஃபண்ட் விற்று 50,000-க்கு மேல் நீண்டகால ஆதாயம் எடுக்கவில்லை என்றால் வரி இல்லை. எடுத்திருந்தால் ஒரு பகுதியை இப்போதும் மீதியை ஏப்ரலுக்குப் பிறகும் மாற்றுங்கள்.

இரண்டாவது, இந்த மாத டிவிடெண்டின் பதிவு தேதிக்கு முன்பே மாறிவிடுங்கள். யூனிட்டுக்கு 13 காசு போல, உங்களுக்கு சுமார் 6,667 ரூபாய். பதிவு தேதிக்குப் பிறகு மாறினால் அதற்கு 31.2% வரி, 2,080 ரூபாய். முன்பே மாறினால் அதே தொகை என்ஏவியில் இருக்கும், உங்கள் 75,000 ஆதாயத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அன்றைய என்ஏவி வேண்டுமென்றால் மதியம் 3 மணிக்குள் போடுங்கள்.

மூன்றாவது, புதிய யூனிட்டுக்கு வைத்திருக்கும் காலம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு வருடத்துக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம், 20%. உங்களுக்கு 15 வருடம் என்பதால் பரவாயில்லை. அப்பா மாறி எஸ்டபிள்யூபி போட்டால்கூட இது சின்னத் தொகைதான். என்ஏவி 5% ஏறிய பிறகு 8,000 எடுத்தால் அதில் லாபம் 381 ரூபாய், வரி 79 ரூபாய். ஆனால் இந்தக் குறுகியகால ஆதாயத்துக்கு 12 லட்சம் தள்ளுபடி கிடைக்காது, அந்த 79-ஐக் கட்டத்தான் வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் கட்டணம். ஆப்ஷன் மாறுவதற்குப் பல ஃபண்டுகள் வாங்குவதில்லை. உங்கள் ஃபண்டின் திட்ட ஆவணத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கும், படித்துவிடுங்கள். வாங்கும் பக்கத்தில் 0.005% முத்திரைத் தீர்வை உண்டு, உங்கள் 10.75 லட்சத்துக்கு 54 ரூபாய் போல.

---

தறிநகர்_பிரபு | 13 நவம்பர் 2025, காலை 9:40

சேது சார், கடன் ஃபண்டுக்கும் இதே கணக்குத்தானா?

---

கணக்கர்_சேது | 13 நவம்பர் 2025, காலை 11:15

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்ட் என்றால் விற்ற லாபத்துக்கும் ஸ்லாப் வரிதான், எத்தனை வருடம் வைத்திருந்தாலும். அதனால் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. லாபப் பகுதிக்கு மட்டும் வரி என்பதும், விற்கும் வருடத்தில்தான் வரி என்பதும் க்ரோத்துக்கு இன்னமும் சாதகம். வருமானம் குறையப்போகும் ஓய்வுக்காலம் வரை தள்ளிப்போட முடிந்தால் அதுவே நல்ல லாபம்.

---

பொருநை_மீனா | 16 நவம்பர் 2025, மாலை 7:05

வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு ஸ்விட்ச் போட்டேன், க்ரோத் யூனிட் வந்துவிட்டது. வெளியேறும் கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை.

அப்பாவிடம் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். வரதன் சார் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். யூனிட்டை விற்பது அவருக்கு மனசுக்குப் பிடிக்கவில்லை, டிவிடெண்டிலேயே இருக்கட்டும் என்கிறார். 15எச் மட்டும் கொடுத்துவிட்டோம். அம்மாவின் மருந்துக்கான மூவாயிரத்தை எஃப்டி வட்டிக்கு மாற்றிவிட்டார்.

சேது சாரிடம் இன்னும் ஒன்று. அப்பாவின் எஃப்டி ஒன்று 2026-இல் முதிர்கிறது, 6 லட்சம். அதையும் இதே ஃபண்டில் போட நினைக்கிறார். அந்தப் பணத்தை மட்டும் க்ரோத்தில் போட்டு, டிவிடெண்ட் நின்றுபோகும் மாதங்களில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? அல்லது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவது மேலா?

---

திருச்சி_வரதன் | 16 நவம்பர் 2025, இரவு 8:20

மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடச் சொல்லம்மா. இப்போது 8.2%, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி, ஐந்து வருடத்துக்கு அதே விகிதம்.

---

கணக்கர்_சேது | 16 நவம்பர் 2025, இரவு 10:10

இந்த ஒன்றில் நான் வரதன் சார் பக்கம் பாதிதான். வட்டி முழுவதும் வருமானம், ஆனால் அப்பாவுக்கு 12 லட்சம் வரை இடம் நிறைய இருக்கிறது, அதனால் வரி தடை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் கழிவு உண்டு, அதுதான் யோசிக்க வேண்டியது. அவருக்கு அந்த 6 லட்சம் இடையில் தேவைப்படுமா?